இமை முழுசாக மூடுகிறதா? – கண் மருத்துவர் பதில்கள்

வேலந்தாவளத்தில் லாரி ஆபீசில் பில் போடுகிறேன், வயது 34. மத்தியானத்துக்கு மேல் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, எழுத்தும் மங்குகிறது. பவர் எதுவும் இல்லை என்கிறார்களே?

மங்கும்போது இரண்டு மூன்று தடவை கண்ணை நன்றாக மூடித் திறந்து பாருங்கள். சட்டென்று தெளிந்தால், கோளாறு பெரும்பாலும் விழிமேல் நிற்கும் கண்ணீர்ப் படலத்தில்தான். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். அதைவிடத் தொல்லை அரைகுறை இமைப்பு. மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். இமை விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முழுசாக மூடினால்தான் அந்த எண்ணெய் பிதுங்கிக் கண்ணீர்மேல் பரவும். பரவாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் காயும். மார்கழி, தையில் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் மானிட்டர் சிபியூ பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நிமிர்ந்து பார்க்கும்போது கண் அகலத் திறக்கிறது, காயும் பரப்பும் கூடுகிறது. முதலில் அதை மேசைக்கு இறக்குங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். முகத்துக்கு நேரே சுற்றும் டேபிள் ஃபேனைக் கால் பக்கம் திருப்புங்கள். அரை மணிக்கொரு தடவை மெதுவாக மூடி, இரண்டு விநாடி வைத்து, லேசாக இறுக்கித் திறங்கள். பத்து முறை போதும். சில வாரம் பார்த்தும் குறையவில்லை என்றால் இமை விளிம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

வயது 48. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் திரையை நோக்கிக் குனிகிறேன், கழுத்து வலிக்கிறது. – கொழிஞ்சாம்பாறை வாசகி

அந்தக் கண்ணாடி பேப்பர் படிக்கிற 40 செ.மீ. தூரத்துக்குப் போட்டது. திரையோ கை நீட்டும் தூரத்தில், 60, 65 செ.மீ.யில் இருக்கிறது. அதனால்தான் உடம்பு முன்னால் போகிறது. திரையைப் பக்கத்தில் இழுக்காதீர்கள். வழக்கமாக உட்காரும்படி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைவரை டேப்பால் அளந்து, அந்த அளவைக் கண் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். திரைக்கென்று பவர் குறைவான தனிக் கண்ணாடி எழுதித் தருவார்.

புளூ கட் கண்ணாடி வாங்கலாமா? – சித்தூர் வாசகர்

கண் களைப்புக்காக என்றால் வேண்டாம். 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், குறுகிய காலத்தில் அதனால் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இருந்தால் மேசையைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி செய்யுங்கள், செலவில்லை.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

கிட்டப் பார்வைக்காக இறுகிய தசை தளரும். திரையை விட்டு நிமிர்ந்ததும் தூரத்துப் பொருள் கொஞ்ச நேரம் மங்குபவர்களுக்கு நல்ல பலன். இமைக்காமல் வெறித்தால் வறட்சி தீராது. சிவப்பு போக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தைத் தொடர்ந்து விடாதீர்கள். நிறுத்தினால் சிவப்பு கூடலாம். ஒரு கண்ணில் மட்டும் வலி, பார்வைக் குறைவு, வெளிச்சம் பட்டால் கூச்சம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.