விலை வித்தியாசம் கைக்கு வந்து சேருமா? இரண்டு எக்ஸ்சேஞ்ச், ஒரே ஜோடி: கேள்வி பதில்

கே: ETH/USDT, அதாவது டாலரை ஒட்டிய USDT காயினில் ஈத்தரின் விலை, ஒரு எக்ஸ்சேஞ்சில் 2,500, இன்னொன்றில் 2,512. இரண்டு ஈத்தர் வாங்கி அனுப்பினால் 24 லாபம்தானே?

முதலில் அந்த இரண்டு எண்களும் என்னவென்று பாருங்கள். திரையில் பெரிதாகத் தெரிவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்த விலை உங்களுக்குக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்கும் இடத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையையும், விற்கும் இடத்தில் வாங்குபவர்கள் தரும் விலையையும்தான் ஒப்பிட வேண்டும். உங்கள் எண்கள் அப்படி எடுத்தவை என்றே வைத்துக்கொள்வோம்.

2,500-க்கு அரை ஈத்தர்தான் விற்பனைக்கு இருக்கும்; மீதியை அடுத்தடுத்த படிகளில் வாங்க வேண்டும். சராசரி 2,501 என்றால் இரண்டுக்கு 5,002. வியாபாரக் கட்டணம் 0.1 சதவீதம் என்றால் இன்னொரு 5. வெளியே அனுப்பும் கட்டணம் 0.002 ஈத்தர் என்று வைத்தால் அந்தப் பக்கம் சேர்வது 1.998 ஈத்தர். அங்கேயும் படியிறங்கித்தான் விற்பீர்கள். சராசரி 2,510.50 கிடைத்தால் ஏறக்குறைய 5,016 வரும், அதில் கட்டணம் 5 போகும். கையில் 5,011, செலவு 5,007. பணத்தை முதல் இடத்துக்குத் திருப்பி அனுப்ப 3 என்றால், நீங்கள் சொன்ன 24-இல் மிஞ்சுவது ஏறக்குறைய 1.

இதுவும் அனுப்பிய நொடியிலேயே போய்ச் சேர்ந்தால்தான். உங்கள் கணக்குக்கு உரிய கட்டணங்களைப் போட்டு இதையே ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள்.

கே: தாமதத்தை எப்படிச் சோதிப்பது? நான் ஒரு வாரமாக நொடிக்கு ஒருமுறை இரண்டு பக்க விலையையும் சேமித்து வருகிறேன்.

இந்தக் கேள்விக்காகத்தான் வந்தேன். இப்போதைய வாங்கும் விலையை, காசு போய்ச் சேரும் நேரத்தில் அங்கே இருக்கும் விற்கும் விலையோடு ஜோடி சேருங்கள். எவ்வளவு நேரம் என்பதை ஊகிக்க வேண்டாம். சிறு தொகை ஒன்றை அனுப்பி, பொத்தானை அழுத்தியதிலிருந்து அங்கே விற்க முடிகிற நொடி வரை கடிகாரம் பிடியுங்கள். ஈத்தர் நகரும் எதீரியம் நெட்வொர்க்கில், பரிவர்த்தனைகளைப் பதியும் பிளாக் 12 நொடிக்கு ஒன்று வருகிறது. அது மாற்ற முடியாததாக உறுதிப்பட வழக்கமாகச் சுமார் 13 நிமிடம். அதற்கு முன்பே வரவு வைக்கும் எக்ஸ்சேஞ்சும் உண்டு. அனுப்பும் பக்கம் சரிபார்ப்புக்காக நிறுத்தி வைப்பதும் உண்டு. பகலில் ஒருமுறை, விலை துள்ளும் நேரத்தில் ஒருமுறை என்று அளந்து பாருங்கள். 15 நிமிடம், அதாவது 900 நொடி வந்தது என்றால் கீழே உள்ளபடி எழுதுங்கள். a வாங்கும் இடம், b விற்கும் இடம்; ask விற்பவர் கேட்கும் விலை, bid வாங்குபவர் தரும் விலை:

```python
df["b_later"] = df["b_bid"].shift(-900)
df["a_later"] = df["a_ask"].shift(-900)
df["gap_left"] = df["b_later"] - df["a_later"]
df["drift"] = df["a_later"] - df["a_ask"]
```

கடைசி இரண்டு வரிகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓர் உதாரணம். வாங்கும்போது 2,500-க்கும் 2,512-க்கும் நடுவே 12 இடைவெளி. 15 நிமிடம் கழித்து முதல் இடத்தில் 2,504, இரண்டாவது இடத்தில் 2,506. நீங்கள் 2,506-க்கு விற்கிறீர்கள், 6 கூடுதல். ஆனால் அதில் 4 சந்தை தானாக ஏறியதால் வந்தது, அதுதான் drift. இடைவெளியில் மிஞ்சியது 2 மட்டும், அதுதான் gap_left. மேலே போட்ட கணக்கில் மொத்தக் கட்டணம் ஒரு ஈத்தருக்குச் சுமார் 9. ஆக, சந்தை கைகொடுத்த பிறகும் 3 நஷ்டம்.

சந்தை ஏறிய வாரத்தில் சோதித்தால் drift எல்லாவற்றையும் லாபமாகக் காட்டும், இறங்கிய வாரத்தில் நேர்மாறாகக் காட்டும். உங்கள் யோசனை வேலை செய்கிறதா என்பதை gap_left மட்டுமே சொல்லும். அதுவும் எல்லா வரிகளின் சராசரியாக வேண்டாம். நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய நொடிகளை மட்டும், அதாவது தொடக்க இடைவெளி கட்டணத்தைத் தாண்டிய வரிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

கே: மேலே கேட்டவன்தான். எனக்கு முடிவுகள் அபாரமாக வருகின்றன. எங்கேயோ தப்பா?

சேமிப்பில் வரிகள் விட்டுப்போயிருக்கலாம். shift எண்ணுவது வரிகளை, நொடிகளை அல்ல. இணைப்பு அறுந்து பாதி வரி போனால் 900 வரி என்பது அரை மணி நேரம். நேர முத்திரையை வைத்து merge_asof-ஆல் இணையுங்கள். இன்னொன்று, இரண்டு விலைகளும் ஒரே நொடியில் எடுத்தவையா என்று பாருங்கள். ஒரு பக்கம் மூன்று நொடி பழையதாக இருந்தால், விலை துள்ளும்போதெல்லாம் இல்லாத இடைவெளி தெரியும். என் முதல் பதிவேட்டில் இதே பிழை இருந்தது. பத்து நாள் பதிவையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கே: ஒரு சின்ன காயினில் இரண்டு நாளாக 7% வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஏன் யாரும் எடுக்கவில்லை?

அந்தக் காயினுக்கு டெபாசிட், வித்டிராயல் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று இரு பக்கமும் பாருங்கள். மூடியிருந்தால் அந்த 7% வெறும் காட்சிதான். திறந்திருந்தால், இரண்டும் ஒரே காயின்தானா என்று, காயினை அடையாளம் காட்டும் கான்ட்ராக்ட் முகவரியை ஒப்பிடுங்கள். ஒரே மூன்றெழுத்துப் பெயரில் வேறு வேறு காயின்கள் இருக்கின்றன.

கே: எதற்கு அனுப்ப வேண்டும்? இரண்டு பக்கமும் காசும் காயினும் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வாங்கி விற்றால் தாமதமே இல்லை. உங்கள் சோதனை தேவையற்றது.

பாதி சரி. அந்த நொடியில் தாமதம் இல்லை, உண்மை. ஆனால் விலை அதிகமான பக்கம் எப்போதும் அதே பக்கமாக இருந்தால், பத்து வியாபாரத்தில் அங்கே காயின் தீர்ந்துவிடும், இங்கே காசு தீர்ந்துவிடும். அப்போது அனுப்பித்தான் ஆக வேண்டும்.

கே: பத்து வியாபாரத்துக்கு ஒருமுறைதானே அனுப்புகிறேன்! அனுப்பும் கட்டணம் பத்தில் ஒன்றாகிறது. காயின் விலை விழுந்தால்கூட, விலை இறங்கினால் லாபம் தரும் ஷார்ட்டை ஃபியூச்சர்ஸில் போட்டுச் சமன் செய்துவிடுவேன்.

கட்டணத்தைப் பற்றிச் சொன்னது சரியான வாதம், ஒப்புக்கொள்கிறேன். மேலே உள்ள கணக்கில் ஒரு ஈத்தருக்கு 9 என்பது 5.5-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பல இடைவெளிகள் அப்போது தேறும். ஷார்ட் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். ஷார்ட் வைத்திருப்பவரும் எதிர்ப்பக்கத்தாரும் அவ்வப்போது ஒருவருக்கொருவர் கட்டும் ஃபண்டிங் கட்டணம் உங்களுக்கு வருவதும் உண்டு, உங்களிடமிருந்து போவதும் உண்டு. விலை திடீரென ஏறினால் ஷார்ட்டுக்கு உடனே மார்ஜின் என்ற பிணைத்தொகை கட்ட வேண்டும், உங்கள் காசோ வேறு எக்ஸ்சேஞ்சில் இருக்கும். அங்கே மறுபடி அனுப்பும் தாமதம்தான். அதோடு இரு மடங்கு பணம் இரண்டு இடங்களில் சும்மா கிடக்கிறது, அதில் ஒரு இடம் வித்டிராயலை மூடும் நாளும் வரலாம்.

கே: மூடுவது அபூர்வம். அதற்காகத் தினமும் வரும் லாபத்தை விடுவதா?

இடைவெளி விரியும் நாளும் மூடும் நாளும் பல நேரம் ஒன்றாகவே வருகின்றன. அபூர்வம் என்பது உங்கள் பதிவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்த பிறகு பேசுவோம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் உங்கள் வழிதான் சரி. என் பதிவில் குறைவாக இல்லை; நீங்கள் பார்க்கும் ஜோடி வேறு.

கே: ஈத்தர் இப்போது வாங்கலாமா?

இங்கே பேசுவது அது அல்ல.

கே: நான் வேறு நெட்வொர்க்கில் USDT அனுப்பிவிட்டேன், இன்னும் வரவில்லை.

பரிவர்த்தனை எண்ணுடன் பெறும் எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கு இன்றே எழுதுங்கள். அந்த நெட்வொர்க்கை அவர்கள் ஆதரித்தால் மீட்க வாய்ப்பு உண்டு. மீட்டுத் தருகிறேன் என்று வெளியாள் யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

கே: இன்னொரு காயினில் 4% தெரிகிறது, எடுக்கலாமா?

வித்டிராயல் திறந்திருக்கிறதா? அதைப் பார்க்காமல் இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, gap_left எவ்வளவு வந்தது என்றும் சொல்லுங்கள், நாளை பதில் எழுதுகிறேன்.