சூரியன் தினமும்தான் உதிக்கிறது

கேள்வி: எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்காக, ஈஸ்டர் காலை என்றால் விசுவாசிகளுக்கு என்ன என்று விளக்கும் 2 நிமிட வீடியோ எடுக்கப்போகிறோம். அமைதியான விடியல் காட்சிகள், எளிய சொற்கள். ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். படித்தவர்கள் எல்லாரும் 'அருமை' என்கிறார்கள். ஆனால் ஒருவருக்கும் ஒரு வரிகூட நினைவில் நிற்கவில்லை. எங்கே தப்பு?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதல் வரியிலேயே. 'இருள் விலகி ஒளி பிறக்கிறது, உள்ளங்களில் நம்பிக்கை மலர்கிறது' என்று தொடங்கியிருக்கிறீர்கள். இதைப் பொங்கலுக்குப் போடலாம், புத்தாண்டுக்குப் போடலாம், புதிதாகத் திறக்கும் நகைக்கடைக்கும் போடலாம். உங்கள் ஸ்கிரிப்டிலிருந்து இயேசுவின் பெயரை நீக்கிப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. ஈஸ்டர் வீடியோவுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

விசுவாசிகள் அந்தக் காலையில் சொல்வது இயற்கையைப் பற்றிய செய்தியே இல்லை. வெள்ளிக்கிழமை சிலுவையில் செத்து, துணி சுற்றிக் கல்லறையில் வைக்கப்பட்ட ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை உயிரோடு இருந்தார் என்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் பார்ப்பவர் பாடு. ஆனால் சொல்வது என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில் இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறார்: கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண். சூரியோதயத்தை வைத்து இதை யாரும் இவ்வளவு பணயம் வைத்துப் பேச மாட்டார்கள். அது நாளைக்கும் உதிக்கும்.

அடுத்து, உங்கள் மூன்றாவது காட்சி. கல் உருள்கிறது, உள்ளிருந்து வெள்ளொளி பாய்கிறது, ஒரு உருவம் கைவிரித்து வெளியே வருகிறது. இதை எந்தச் சுவிசேஷத்தில் படித்தீர்கள்? நான்கிலும் தேடிப் பாருங்கள், இயேசு எழுந்த அந்தக் கணம் எதிலும் இல்லை. மத்தேயு பூமி அதிர்ச்சியையும் கல்லைப் புரட்டிய தூதனையும் சொல்கிறார். அவரும் கல்லறையிலிருந்து ஒருவர் வெளியே வந்ததை வர்ணிக்கவில்லை. கொடி பிடித்துக்கொண்டு கல்லறைப் பெட்டியைத் தாண்டி வரும் இயேசு பிற்கால ஐரோப்பிய ஓவியர்கள் தந்தது. சுவிசேஷங்களின்படி விடியும்போது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. வந்தவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள், அதுவும் பிணத்தைத் தேடி. உங்கள் வீடியோவுக்கு வேண்டிய அமைதி முழுவதும் இதில் இருக்கிறது. நீங்களோ அந்த இடத்தில் இடிமுழக்க ஓசை போட்டிருக்கிறீர்கள்.

சந்தோஷத்தில் தொடங்குவதும் தப்பு. மாற்கு சொல்லும் காலையில் பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் மாற்கு அந்த இடத்திலேயே முடிந்தும் போகிறது. லூக்காவில் பெண்கள் போய்ச் சொன்னதும் அப்போஸ்தலர்கள் அதை வீண்பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். முதலில் பயம், அழுகை, நம்பாமை, அல்லேலூயா பிறகுதான்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். நான்கு சுவிசேஷங்களையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் மகதலேனா மரியாள் இருட்டில் தனியாக வருகிறாள். அது யோவான் 20. கையில் நறுமணத் தைலக் குப்பி இருக்கிறது. அது மாற்கும் லூக்காவும். யோவானில் அவளுக்குக் குப்பி வேண்டியதில்லை. அடக்கத்தின்போதே நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமுமாக ஏறக்குறைய நூறு இராத்தல், இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல், கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே யோவானின் மரியாள் வெறுங்கையோடு வருகிறாள். எந்த வேலையும் இல்லாமல், இருட்டில், ஒரு கல்லறைக்கு. துக்க வீட்டுக்காரர்களுக்கு இது விளக்காமலே புரியும். அந்தக் குப்பியைப் பிடுங்கிவிடுங்கள், காட்சி தானாக நிமிரும்.

உங்களுக்கு நான் சொல்வதும் யோவானைத்தான். 2 நிமிட வீடியோவுக்கு நீங்கள் முந்நூறு சொல்லுக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். நிதானமாகத் தமிழ் படித்தால் நிமிடத்துக்கு எண்பது சொல் தாண்டாது. மௌனத்துக்கும் இடம் விட வேண்டும் என்றால் மொத்தமே எண்பதுக்குள் முடிக்க வேண்டும். இப்படி எழுதிப் பார்க்கலாம்.

திரை ஏறக்குறைய கறுப்பு. சரளை மண்ணில் ஒருவர் நடக்கும் சத்தம் மட்டும், பத்து விநாடி. பிறகு குரல்: "இன்னும் விடியவில்லை. ஒரு பெண் கல்லறைக்குப் போகிறாள். அவர் செத்ததை நேரில் பார்த்தவள்."

நீலம் படிந்த வெளிச்சம். பாறையில் தாழ்வான ஒரு வாசல், பக்கத்தில் கல். "கல் விலகிக் கிடக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் இல்லை. உடலையும் தூக்கிப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறாள்."

உள்ளே, கல்திண்டின்மேல் வெள்ளைத் துணி. சற்றுத் தள்ளி, சுருட்டி வைத்த இன்னொரு சிறு துணி. இங்கே குரல் வேண்டாம், எட்டு விநாடி அப்படியே விடுங்கள். யோவான் இந்தத் தலைத்துணி தனியாக இருந்ததை வேலைமெனக்கெட்டுக் குறிப்பிடுகிறார். உடலைத் திருடுகிறவன் துணியைப் பிரித்துச் சுருட்டி வைத்துக்கொண்டிருக்க மாட்டான் என்று விசுவாசிகள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வாதத்தைக் குரலில் சேர்க்காதீர்கள். துணியைக் காட்டினால் போதும்.

வெளியே தோட்டம், மரங்களுக்கு நடுவே தள்ளி நிற்கும் ஓர் ஆள், முகம் தெரியாது. "அழுதுகொண்டே திரும்புகிறாள். ஒருவர் நிற்கிறார். தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் அவளைக் கூப்பிடுகிறார்." ஒரு மூச்சு இடைவெளி. "மரியாளே." அதற்குப் பிறகு ஐந்து விநாடி ஒன்றுமே வேண்டாம், வயலின்கூட.

முகத்தைப் பார்த்து அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. இதனால்தான் இயேசுவின் முகத்தைக் காட்ட வேண்டாம் என்கிறேன். உங்கள் நண்பருக்குத் தாடி ஒட்டி வெள்ளை அங்கி மாட்டும் செலவும் மிச்சம்.

கடைசிக் காட்சி உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். பத்துப் பதினைந்து பேர், மெழுகுத்திரிகள், வானம் வெளுக்கிறது. "விசுவாசிகளுக்கு ஈஸ்டர் காலை இதுதான். செத்தவர் உயிரோடு நிற்கிறார். அவரை எழுப்பிய கடவுள் இங்கே படுத்திருக்கும் நம்மவர்களையும் எழுப்புவார். அதனால்தான் இருட்டிலேயே எழுந்து வருகிறோம்."

அவ்வளவுதான். எண்ணிப் பாருங்கள், எண்பதுக்குள் அடங்கிவிடும்.

கல்லறைத் தோட்டம் எதற்கு, மங்களகரமாக இருக்காதே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சபை வாலிபர்கள் ஈஸ்டர் விடியலில் போய்க் கூடிய இடமே ஊரின் கல்லறை மேடுதான். அதிகாலை ஆராதனை என்று இன்று பல நாடுகளில் நடக்கும் வழக்கத்துக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்திலும் ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் கூடும் சபைகள் உண்டு. பவுல் அதே 15-ஆம் அதிகாரத்தில் இயேசுவை 'முதற்பலன்' என்கிறார். முதல் கதிர் அறுத்தாயிற்று என்றால் அதே வயலில் மற்றக் கதிரும் வரும் என்று பொருள். இந்த இணைப்பு இல்லையென்றால் உங்கள் வீடியோ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு செய்தியாக நின்றுவிடும். பார்க்கிற பாட்டிக்குத் தன் கணவர் படுத்திருக்கும் இடம் நினைவுக்கு வர வேண்டும். ஒன்று மட்டும்: அடுத்த குடும்பத்தின் கல்லறையில் பெயர் படிக்கும்படி தெரிந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பில் கோட்டை விடப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் உங்கள் ஊரில் சூரியன் 6.15 வாக்கில் எழும். நீங்கள் தேடும் நீல வெளிச்சம் அதற்கு முந்தைய இருபது நிமிடம்தான், பிறகு திரும்பக் கிடைக்காது. ஆகவே 5.15-க்கே அங்கே இருந்து, காட்சிகளை வரிசைப்படியே எடுங்கள். போனில் எடுக்கிறீர்கள் என்றால் அதன் தானியங்கிப் புத்தி இருட்டைக் கண்டதும் வெளிச்சத்தை ஏற்றிவிடும், நீலத்தை வெளிறச் செய்துவிடும். எடுத்ததைப் பார்க்கும்போது விடியற்காலை மேகமூட்டமான மத்தியானம் போலத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள், பிறகு கீழே இழுத்து இன்னும் இருட்டாக்குங்கள். நிற வெப்பத்தைப் பூட்டும் வசதி இருந்தால் அதையும். ஒரே நாளில் முடியாது, ஒத்திகைக்கு ஒரு காலை வையுங்கள். குரலை அங்கே பதிவு செய்ய முயல வேண்டாம். துணிமணி நிறைந்த ஓர் அறையில் பிறகு பேசிக்கொள்ளலாம். அங்கிருந்து நடைச் சத்தத்தையும் பறவைச் சத்தத்தையும் மட்டும் எடுத்து வாருங்கள். ஏப்ரலில் குயிலுக்குப் பஞ்சமிருக்காது.

பாறைக் கல்லறைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். முழு வாசலும் வேண்டாம். பீட்டருடன் ஓடிவந்த சீஷன் குனிந்து பார்த்தான் என்று யோவான் எழுதுகிறார், வாசல் அவ்வளவு தாழ்வு. ஒரு கருங்கல் குவாரியின் இடுக்கில் கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்தால் மீதியைப் பார்ப்பவர் மனமே கட்டிக்கொள்ளும். தெர்மக்கோலில் உருண்டைக் கல் செய்து சாம்பல் பூசும் திட்டத்தைக் கைவிடுங்கள். உருளும்போது காற்றில் ஆடும், எல்லாருக்கும் தெரியும்.

மூன்று சிலுவைகளுக்குப் பின்னால் சூரியன் எழும் அந்தப் படத்தையும் நீக்குங்கள். சிலுவை வெள்ளிக்கிழமைக்கு உரியது, உங்கள் கதை ஞாயிற்றுக்கிழமைத் தோட்டத்தில் நடக்கிறது.

கடைசியில் 'லைக், ஷேர், சப்ஸ்கிரைப்' என்று ஓர் அட்டை இருக்கிறதே, அந்த இடத்தில் உங்கள் சபையின் அதிகாலை ஆராதனை நேரத்தையும் இடத்தையும் போடுங்கள். 4.30 என்றால் 4.30 என்றே போடுங்கள், 'அதிகாலையில்' என்று போட்டால் ஆறு மணிக்கு வந்து நிற்பார்கள்.