பாதி விலை என்று லோன் போட்டு வாங்கிய ஆப்ஷன்

"எக்ஸ்பைரிக்கு 36 நாள் இருக்கும்போது 1000 ஸ்டிரைக் கால் ஆப்ஷனை 24 புள்ளிக்கு வாங்கினேன். இன்டெக்ஸ் 1000-லேயே நிற்கிறது. 9 நாள் மிச்சமிருந்தபோது பிரீமியம் 12. பாதி விலைதானே என்று பர்சனல் லோன் போட்டு இன்னொரு லாட் வாங்கி ஆவரேஜ் செய்தேன். ஐந்தே நாளில் 8-க்கு வந்துவிட்டது. கடைசி வாரத்தில் விற்பவனுக்குத்தான் காசு, இன்னொரு லோன் எடுத்து மார்ஜின் கட்டலாம் என்கிறான் மச்சான். செய்யலாமா?"

வேண்டாம். நாள் குறையக் குறையப் பிரீமியம் தானாகக் கரையும் தீட்டாவை நான் விளக்கித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் அது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதைப் பார்க்காமல்தான் ஆவரேஜ் செய்திருக்கிறீர்கள்.

சந்தை ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். அசைவில் ஒரு பகுதி தானாகவே அடிபட்டுப் போகும். அதனால் நாள் நான்கு மடங்கானாலும் எதிர்பார்க்கும் ஆட்டம் இரண்டு மடங்குதான் ஆகும். ஸ்டிரைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஆப்ஷனின் விலையும் இப்படி நாட்களின் வர்க்கமூலத்தோடுதான் நடக்கும். உங்கள் கணக்கில் தோராயமாக 4 × √நாள். 36 நாளுக்கு 24, 9 நாளுக்கு 12, 4 நாளுக்கு 8, கடைசி நாளுக்கு 4.

முதல் 12 புள்ளி கரைய 27 நாள் ஆனது. மீதி 12 கரைய 9 நாள் போதும். வாங்கிய புதிதில் நாளுக்கு மூன்றில் ஒரு புள்ளி போனது. 9 நாள் மிச்சமிருந்தபோது அது இரட்டிப்பு, அங்கேதான் நீங்கள் லாட்டையும் இரட்டிப்பாக்கினீர்கள். ஆக, தேய்மானம் நான்கு மடங்கு, அதுவும் வட்டிப் பணத்தில். (தொலைவில், 1100 ஸ்டிரைக் என்றால் கதை வேறு. அது முன்பே செத்திருக்கும், கடைசி வாரத்தில் கரைய ஒன்றும் இருக்காது.)

மச்சான் சொல்வது பாதி உண்மை. அந்தக் காசு விற்றவரிடம்தான் போகிறது, ஆனால் சும்மா போகவில்லை. இதே சந்தையில் ஒரு நாளின் சாதாரண அசைவே 10 புள்ளி. கடைசி நாளில் 4 வாங்கிக்கொண்டு விற்கிறீர்கள், ஏதோ செய்தி வந்து 1030-ல் முடிகிறது என்றால் 30 கொடுக்க வேண்டும். 26 நஷ்டம், ஆறு எக்ஸ்பைரி லாபம் ஒரே நாளில் போய்விடும். பிரீமியத்தில் அடங்கிய ஆட்டத்தைவிடச் சந்தை குறைவாக ஆடினால்தான் விற்பவருக்கு மிஞ்சும். அதைவிட அதிகமாக ஆடும் மாதங்களையும் தாங்கச் சொந்த முதல் வேண்டும், லோன் பணம் தாங்காது. இரு பக்கமும் கமிஷன் வாங்கும் புரோக்கருக்கு மட்டும் எல்லா மாதமும் ஒன்றுதான்.

இப்போது இரண்டு லாட்டிலும் சேர்த்து 16 புள்ளி மிச்சம். கடைசிவரை வைத்திருந்தால் அசல் தேற 1018 தாண்ட வேண்டும். நாலு நாளில் அதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. நாளைக் காலையே விற்று, வருவதை லோனில் கட்டுங்கள். மச்சான் தன் சொந்தப் பணத்தில் மார்ஜின் கட்டட்டும். அடுத்த முறை வாங்குவதாக இருந்தால், 16 நாள் மிச்சமிருக்கும்போதே வெளியே வந்துவிடுவது என்று வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள். இன்டெக்ஸ் அசையாவிட்டாலும் 24-ல் 16 கையில் இருக்கும்.