'கார்த்தாஸ்' பன்மை, 'எஸ்க்ரீத்தோ' மட்டும் ஏன் அசையவில்லை? ஸ்பானிய 'அபேர்' பற்றிக் கேள்வி பதில்

கே (ஆறு மாதமாகப் படிப்பவர்): மேடம், கார்த்தாஸ் பெண்பால், பன்மை. அப்படியென்றால் 'ஏ எஸ்க்ரீத்தாஸ் லாஸ் கார்த்தாஸ்' என்றுதானே வரவேண்டும்? புத்தகத்தில் 'ஏ எஸ்க்ரீத்தோ' என்று இருக்கிறதே?

புத்தகம் சரி. இதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: கடிதங்களை எழுதியிருக்கிறேன். அவன் எழுதியிருக்கிறான், அவள் எழுதியிருக்கிறாள், அவர்கள் எழுதியிருக்கிறார்கள். 'எழுதி' எங்காவது மாறுகிறதா? ஒரு கடிதமானாலும் நூறு கடிதமானாலும் அது 'எழுதி'தான். யார் என்பதையும் எப்போது என்பதையும் 'இரு' சுமக்கிறது.

ஸ்பானிய மொழியில் அந்தச் சுமை 'அபேர்' மேல். ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், அபேய்ஸ், ஆன் என்று மாறுவது அதுதான். பின்னால் வரும் 'எஸ்க்ரீத்தோ' நம் வினையெச்சம் போல அசையாமல் நிற்கும். 'எழுதியிருந்தேன்' என்று ஒரு படி பின்னால் போகவேண்டுமானால் 'ஏ' இருந்த இடத்தில் 'அபீயா' வரும், அவ்வளவுதான்: 'அபீயா எஸ்க்ரீத்தோ லாஸ் கார்த்தாஸ்'.

கே (கோவை மாணவி): அப்ப 'இரு'வுக்கு நேரான 'எஸ்தார்' போடலாம்தானே அக்கா? 'எஸ்தோய் கன்சாதா' என்று சொல்கிறோமே. நான் பெண் என்பதால் 'ஏ யெகாதா' என்றும் சொல்லிவந்தேன்.

பாதி சரி. 'எஸ்தோய் கன்சாதா' நல்ல ஸ்பானியம். அங்கே 'கன்சாதா' என்பது 'களைத்தவளாக இருக்கிறேன்' என்று உங்களைப் பற்றிச் சொல்லும் பெயரடை. பெயரடை யாரைப் பற்றியதோ அவருடைய பாலையும் எண்ணையும் எடுத்துக்கொள்ளும்.

'வந்திருக்கிறேன்' வேறு. அங்கே சொல்லப்படுவது உங்கள் தன்மை அல்ல, ஒரு செயல். அதனால் ஆணோ பெண்ணோ 'ஏ யெகாதோ' ஒன்றுதான். 'இரு' என்ற சொல்லை அப்படியே 'எஸ்தார்' ஆக்குவது தமிழர்கள் அதிகம் விழும் குழி. என் வகுப்பில் வருடந்தோறும் பார்க்கிறேன்.

கே (புதுச்சேரியிலிருந்து ஒருவர்): பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் நான். அங்கே செயப்படுபொருள் முன்னால் வந்தால் எச்சம் மாறும். ஸ்பானியத்திலும் 'அவற்றை எழுதியிருக்கிறேன்' என்பதற்கு 'லாஸ் ஏ எஸ்க்ரீத்தாஸ்' என்று எழுதுகிறேன். ஆசிரியர் அதை அடித்துவிடுகிறார்.

அவர் அடித்தது சரி, ஐயா. பிரெஞ்சு விதியை நீங்கள் சரியாகவே நினைவு வைத்திருக்கிறீர்கள். இத்தாலியனிலும் அதன் உறவு உண்டு. ஸ்பானியம் அதை முழுக்கக் கைவிட்டது. 'லாஸ் ஏ எஸ்க்ரீத்தோ' என்றுதான் வரும். அந்த 'லாஸ்' எப்போதும் 'ஏ'வுக்கு முன்னால். 'ஏ'க்கும் 'எஸ்க்ரீத்தோ'வுக்கும் நடுவே அதை நுழைக்க முடியாது. கேள்வி கேட்கும்போதும் 'ஆ யெகாதோ மரியா?' தான், 'ஆ மரியா யெகாதோ?' வராது. இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே வினையாகிவிட்டன.

கே: அகராதியில் 'அபேர்' என்றால் வைத்திருத்தல் என்று பார்த்தேன். 'ஏ உன் கோச்சே' என்றால் எனக்குக் கார் இருக்கிறது, சரியா?

சரியில்லை. காருக்கு 'தெங்கோ', அதாவது 'தெனேர்'. ஆனால் அகராதி பொய் சொல்லவில்லை, அது பழைய பொருள். முதல் கேள்விக்கான முழு பதிலும் அங்கேதான் இருக்கிறது.

லத்தீனில் ஒருவர் 'எழுதப்பட்ட கடிதங்களை வைத்திருக்கிறேன்' என்று சொன்னார். அங்கே 'எழுதப்பட்ட' கடிதங்களின் பெயரடை, அதனால் கடிதங்களோடு சேர்ந்து மாறியது. எழுதிய கடிதம் கையில் இருந்தால் பெரும்பாலும் எழுதியதும் நாமாகத்தானே இருக்கும்? மெல்ல மெல்லப் பொருள் 'வைத்திருக்கிறேன்' என்பதிலிருந்து 'எழுதியிருக்கிறேன்' என்று நகர்ந்தது. 'எழுதப்பட்ட' கடிதத்தை விட்டு வினையோடு ஒட்டியது. வைத்திருக்கும் வேலையை 'தெனேர்' எடுத்துக்கொள்ள, 'அபேர்' வெறும் துணைவினையானது.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. 'எல் சித்' என்ற இடைக்கால ஸ்பானியக் காவியத்தில் இரண்டும் கலந்தே கிடக்கும். விட்டுச் செல்லுதல் என்ற ஒரே வினை ஓரிடத்தில் 'தெஷாதோ ஆ' என்று மாறாமல் வருகிறது, பின்னால் வருவதோ நிலங்கள், வீடுகள், மாளிகைகள். இன்னோரிடத்தில் காவியத் தலைவன் சித் விட்டுப்போன கூடாரத்தைப் பற்றி 'ஊனா தியெந்தா ஆ தெஷாதா' என்று பெண்பாலுக்கு இணங்கி வருகிறது. இரண்டாவது அடியின் கடைசிச் சொல் என்பதால் ஓசை இயைபும் அதற்கு உதவியிருக்கும்.

கே (மொழியியல் படித்தவர்): ஆனால் இதே பாதையில் வந்த பிரெஞ்சு ஏன் மாற்றத்தை வைத்துக்கொண்டது? உங்கள் விளக்கம் அதைச் சொல்லவில்லையே.

சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பழைய ஸ்பானியத்தில் போதல், வருதல் போன்ற வினைகளுக்கு, 'எஸ்தார்' போலவே 'இரு' என்று பொருள்படும் 'செர்' துணைவினையாக இருந்தது, அங்கே எச்சம் மாறியது. பிறகு அந்த வினைகளையும் 'அபேர்' விழுங்கியது. துணைவினை ஒன்றே என்றானதும் மாறும் பழக்கத்துக்கு ஆதரவு போய்விட்டது என்பது எனக்குப் பிடித்த விளக்கம். பிரெஞ்சும் இத்தாலியனும் இரண்டு துணைவினைகளையும் இன்றும் வைத்திருக்கின்றன. ஆனால் இதை முடிவான காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

கே (மாட்ரிட்டில் செவிலியர்): அக்கா, நான் 'லாஸ் முவெஸ்த்ராஸ் ஆன் சீதோ என்வியாதோ' என்று எழுதினேன், மாதிரிகள் அனுப்பப்பட்டுள்ளன என்று. உடன் வேலை செய்பவர் 'என்வியாதாஸ்' என்று திருத்தினார். 'ஆன்' வந்தால் மாறாது என்கிறீர்களே?

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அங்கே இரண்டு எச்சங்கள் இருக்கின்றன. 'ஆன்' பிடித்திருப்பது 'சீதோ'வை மட்டும். அது மாறவில்லை பாருங்கள், 'சீதாஸ்' ஆகவில்லை. அடுத்த 'என்வியாதாஸ்' சார்ந்திருப்பது 'செர்' மேல். 'செர்'ரோடு வந்தால் எழுவாயோடு இணங்கும்: முவெஸ்த்ராஸ், என்வியாதாஸ்.

'அனுப்பியிருக்கிறோம்' என்று நீங்களே சொன்னால் 'ஏமோஸ் என்வியாதோ லாஸ் முவெஸ்த்ராஸ்'. 'அனுப்பி வைத்தாயிற்று, கையில் முடிந்த வேலை' என்ற தொனி வேண்டுமானால் 'தெனேமோஸ் என்வியாதாஸ் லாஸ் முவெஸ்த்ராஸ்', அங்கே மறுபடியும் மாறும். அந்த எச்சத்தை எந்த வினை பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிடித்திருப்பது 'அபேர்' என்றால் மட்டும் எப்போதும் -ஓ.

கே: 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்பதை 'ஆயேர் லோ ஏ விஸ்தோ' என்று சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார்கள்.

தமிழ் 'நேற்று'வோடும் 'இருக்கிறேன்' சேர்க்க விடும், ஸ்பானியம் பொதுவாக விடாது. 'ஆயேர் லோ வீ' என்று சாதாரண இறந்தகாலம் போடுங்கள். மாட்ரிட்டில் இன்று காலை நடந்ததற்கு 'ஏ விஸ்தோ' சொல்வார்கள். மெக்சிகோவில் அதற்கும் பெரும்பாலும் 'வீ' தான்.

நேற்று நடந்ததற்கு முன்னால் நடந்தது என்றால் 'அபீயா': 'குவாந்தோ யெகே, எல் த்ரேன் யா அபீயா சலீதோ', நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது.

கே (பொலிவியாவின் லா பாஸில் ஓராண்டு இருந்தவர்): அங்கே ஈரத் தரையைப் பார்த்து 'அபீயா யோவீதோ' என்றார்கள். எதற்கு முன்னால் மழை என்று எனக்குப் புரியவில்லை.

எதற்கும் முன்னால் இல்லை. அந்த ஆண்டிஸ் பகுதியில் இந்த வடிவம் 'நான் நேரில் பார்க்கவில்லை, இப்போதுதான் தெரிகிறது' என்ற பொருளுக்கும் வரும். ஐமரா, கெச்சுவா மொழிகளோடு கலந்த பழக்கத்தால் வந்தது என்பார்கள். காலையில் கதவைத் திறந்து நீங்களே 'அட, மழ பெஞ்சிருக்கு' என்பீர்களே, அதே வேலைதான். மாட்ரிட்டில் ஈரத் தரைக்கு 'ஆ யோவீதோ' போதும். அங்கே 'அபீயா யோவீதோ' என்றால் கேட்பவர் மீதிக் கதைக்காகக் காத்திருப்பார்.