நெல்லுக்குக் கொடுத்த ரொக்கம்: 40ஏ(3) சிறுகுறிப்பு பற்றிய கேள்வி பதில்

தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மாலையில் பி.காம், சிஎம்ஏ பிள்ளைகளுக்கு வருமான வரித் தாள் நடத்துகிறேன். இந்த முறை, ரொக்கமாகக் கொடுத்த வியாபாரச் செலவைக் கழிக்க விடாத வருமான வரிச் சட்டப் பிரிவு 40ஏ(3) ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மாணவர்களோடு வியாபாரிகளும் விவசாயிகளும் கேட்டிருக்கிறார்கள்.

திருவாரூர், பி.காம் மூன்றாம் ஆண்டு: சார், இந்தச் சிறுகுறிப்பு அஞ்சு மார்க்குக்கு வந்தா "பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்கக் கூடாது"ன்னு எழுதிடறேன். ரெண்டு மார்க்தான் விழுது. வேற என்ன எழுதணும்?

முதலில் அந்த "கூடாது" தவறு. ரொக்கமாகக் கொடுப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. அப்படிக் கொடுத்த செலவை வியாபார லாபத்திலிருந்து கழிக்க விடமாட்டேன் என்றுதான் சொல்கிறது. அபராதம் கிடையாது, கழிவு கிடையாது. ஒரே நாளில் ஒரே ஆளுக்குக் கொடுத்த மொத்தம் 10,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் போகும், தாண்டிய பகுதி மட்டும் அல்ல. சரியாக 10,000 கொடுத்தால் பாதிப்பில்லை. லாரி வாடகைக்கு மட்டும் வரம்பு 35,000.

அடுத்து நோக்கம். 1968-ல் இந்தப் பிரிவு வந்தபோது இருந்த கவலை, செலவு என்று எழுதிக் கணக்கில் வராத பணத்தை மறைப்பது. ரொக்கச் சீட்டில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அந்த ஆள் உண்டா, பணம் அவருக்குப் போனதா என்று வரி அதிகாரி எப்படிப் பார்ப்பார்? வங்கி வழியாகப் போனால் தடம் இருக்கும். அத்தர் சிங் குர்முக் சிங் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னதும் இந்தக் காரணத்தை வைத்துத்தான்.

நோக்கம் பிடிபட்டால் விலக்குகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். வாங்குகிறவர் யார் என்பதில் சந்தேகமே இல்லாத இடம் ஒரு வகை: அரசு, வங்கி, எல்ஐசி. வாங்குகிறவரை வங்கிக்குப் போகச் சொல்வது நியாயமில்லாத இடம் இன்னொரு வகை: விளைந்ததை விற்கும் விவசாயி, மீனவர், மின்சாரம் இல்லாமல் கைத்தொழில் செய்பவர், வங்கியே இல்லாத ஊரில் இருப்பவர். இந்த விலக்குகளைப் பட்டியல் போடும் விதி 6டிடி முழுக்க ஏறக்குறைய இந்த இரண்டு வகைதான். உங்கள் விடையில் விட்டுப்போன மூன்று மார்க் இங்கே இருக்கிறது.

கும்பகோணம், சிஎம்ஏ இன்டர்: தியரி புரியுது சார். கணக்கா வந்தா குழம்பிடுது. நம்ம பக்கத்து ரைஸ் மில் ஒண்ணை வச்சுப் போட்டுக் காட்டுங்களேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பார்ட்னர்ஷிப் மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுப்பு நேரம், ஒரே நாள்.

ஒரு விவசாயியிடம் 110 மூட்டை நெல், மூட்டை 1,350 வீதம் 1,48,500 ரூபாய் ரொக்கம். விளைவித்தவருக்கே நேராகப் போன பணம், விலக்கு உண்டு, முழுதும் கழிக்கலாம். ஒரு நெல் வியாபாரிக்கு 60,000 ரொக்கம். அதே நெல்தான், ஆனால் அவர் விளைவிக்கவில்லை, கழிக்க முடியாது. சாக்குக் கடைக்குக் காலையில் 6,000, சாயங்காலம் 7,000. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள். ஒரே ஆள், ஒரே நாள் என்பதால் கூட்டினால் 13,000, முழுதும் போகும். பெல்ட் கடைக்கு 15,000-க்கு பேரர் செக். செக்தானே என்று பலரும் இதை விட்டுவிடுவார்கள். அக்கவுண்ட் பேயீ என்று கோடு போடாத செக்கும் இங்கே ரொக்கம் மாதிரிதான். அதுவும் போகும். லாரி வாடகை 28,000 ரொக்கம், 35,000-க்குள் இருப்பதால் சரி. தவிட்டுச் சல்லடைக்குப் புது மோட்டார் 45,000 ரொக்கம். இது செலவு இல்லை, சொத்து. 40ஏ(3) இதைத் தொடாது. பிரிவு 43(1) தொடும். அந்த 45,000 மோட்டாரின் அடக்க விலையில் சேராது, அதற்குத் தேய்மானமும் கிடைக்காது.

லாபத்தில் திருப்பிச் சேர்க்க வேண்டியது 60,000 + 13,000 + 15,000 = 88,000. பார்ட்னர்ஷிப்புக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். கூடுதல் வரி 27,456 ரூபாய். சாக்குக்கும் பெல்டுக்கும் யூபிஐ-யில் அனுப்பியிருந்தால் அந்த இரண்டுக்கும் ஒரு பைசா வந்திருக்காது.

தேர்வில் வராத, ஆனால் ஆடிட்டில் வருஷா வருஷம் பார்க்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லோடுமேன் 14 பேர், ஆளுக்கு 900. மில்லில் மேஸ்திரி கையில் 12,600-ஐக் கொடுத்து அவர் பெயரிலேயே ஒரு வவுச்சர் போட்டுவிடுவார்கள். பேப்பரில் வாங்கியவர் ஒருவர், தொகை 10,000-க்கு மேல். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு மில்லுக்கு இப்படி அறுப்புக் காலக் கூலி முழுவதுமே கேள்விக்குள்ளானது. 14 பேரும் கையெழுத்துப் போட்ட கூலிப் பட்டியல் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

நீடாமங்கலம், நெல் வியாபாரி: தம்பி, நான் முப்பது வருஷமா களத்துமேட்டுலயே விவசாயிகிட்ட பணம் குடுத்து நெல் எடுத்து மில்லுக்குப் போடறேன். நெல்லுக்குத்தான் விலக்கு இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் மில்காரர் ஏன் எனக்கு பேங்க்லதான் போடுவேன்னு அடம் பிடிக்கிறார்?

அண்ணே, அவர் செய்வது சரி. விலக்கு நெல்லுக்கு இல்லை, நெல்லை விளைவித்தவருக்கு. நீங்கள் விவசாயிக்குக் கொடுக்கும் ரொக்கத்தை உங்கள் கணக்கில் தாராளமாகக் கழிக்கலாம். மில்லில் இருந்து உங்களுக்கு வருவது வியாபாரிக்கு வியாபாரி கொடுக்கும் பணம், அங்கே விலக்கு நின்றுவிடுகிறது.

ஒரு வழி உண்டு. நீங்கள் சொந்தமாக வாங்கி விற்காமல் மில்லின் ஏஜெண்டாக வாங்கினால், மில் சார்பில் விவசாயிகளுக்கு ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டிய பணத்தை அவர்கள் உங்களிடம் ரொக்கமாகவே தரலாம், அதற்குத் தனி விலக்கு இருக்கிறது. ஆனால் அப்போது பில் விவசாயி பெயரில் இருக்க வேண்டும், உங்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன்தான் இருக்க வேண்டும். விலையில் லாபம் வைத்துவிட்டு ஏஜெண்ட் என்று எழுதினால் நிற்காது. விவசாயி பில்லோடு சிட்டா, அடங்கல் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளைவித்தவர் இவர்தான் என்று பின்னால் காட்ட அது உதவும்.

மயிலாடுதுறை, பி.காம் முடித்தவர்: வரம்பு 20,000-ன்னும், பரிவர்த்தனை உண்மைன்னு நிரூபிச்சா கழிவு கிடைக்கும்னும் எங்க டியூஷன்ல சொல்லிக்கொடுத்தாங்க. நீங்க அப்படிச் சொல்லலையே?

20,000 பழைய வரம்பு. 2017-18 நிதியாண்டிலிருந்து 10,000.

இரண்டாவது விஷயம் பாதி சரி. அத்தர் சிங் தீர்ப்பு, வியாபாரக் கட்டாயம் போன்ற காரணங்களை இந்தப் பிரிவு ஒதுக்கித் தள்ளவில்லை என்று சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்தக் காலத்து 6டிடி-யில், தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று காட்டினால் விடும் ஒரு பொதுவான உட்பிரிவு இருந்தது. 1995-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பட்டியலில் உள்ள விலக்குகள்தான். அதற்குப் பிறகும் குஜராத் உயர் நீதிமன்றம் அனுபம் டெலி சர்வீசஸ் வழக்கில், செலவு உண்மை, வியாபாரக் கட்டாயமும் உண்டு என்று பார்த்துக் கழிவு கொடுத்தது. வேறு தீர்ப்புகள் பட்டியலுக்கு வெளியே போக மறுத்திருக்கின்றன. ஆக, இது இன்னும் தீர்ந்த கேள்வி இல்லை. விடைத்தாளில் பட்டியலை விதியாக எழுதுங்கள், இந்தக் கருத்து வேறுபாட்டை ஒரு வரியில் சேருங்கள். உண்மையான பில் இருந்தால் போதும் என்று முடித்துவிட்டால் மார்க் போகும்.

பாபநாசம், விவசாயி: நான் போன மாசம் நெல்லு வித்து 1,80,000 ரொக்கமா வாங்கினேன். பத்தாயிரத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னா எனக்கு வரி போடுவாங்களா?

பயப்படாதீர்கள் ஐயா. 40ஏ(3) கொடுத்தவரின் கணக்கைப் பற்றியது, வாங்கிய உங்களைத் தொடாது. வாங்குகிறவரைத் தொடுவது 269எஸ்டி என்கிற வேறு பிரிவு. அது ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்கு, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால்தான். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-ல் 27-ம் எண் சுற்றறிக்கையில் உங்களைப் போன்றவர்களுக்காகவே இதைத் தெளிவுபடுத்தியது: விவசாயி தன் விளைச்சலை வியாபாரிக்கு 2 லட்சத்துக்குக் குறைவாக ரொக்கத்துக்கு விற்றால் இரண்டு பிரிவும் குறுக்கே வராது, பான் எண்ணும் படிவம் 60-ம் தேவையில்லை. ஒரே விற்பனையை இரண்டு நாளாகப் பிரித்து 2 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வாங்க மட்டும் யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பிரிவையும் கலந்து எழுதுவது திருத்தும்போது அடிக்கடி பார்க்கிற தவறு.

நாகப்பட்டினம், ஐஸ் பிளாண்ட் கணக்கர்: மீனுக்கும் இதே மாதிரிதானே?

அதேதான், ஒரு கூடுதல் சலுகையோடு. 2008-ம் ஆண்டின் 10-ம் எண் சுற்றறிக்கைப்படி, கரையில் மீனைப் பிரித்து விற்கும் மீனவர் தலைவரும் உற்பத்தி செய்தவராகவே எடுத்துக்கொள்ளப்படுவார். வியாபாரி, தரகரிடம் வாங்கினால் கிடையாது.

தஞ்சாவூர், சிஎம்ஏ இன்டர்: மார்ச்சில் கடனுக்கு வாங்கி, மே மாசம் ரொக்கமா அடைச்சா தப்பிக்கலாமா சார்?

40ஏ(3ஏ) அதற்காகத்தான் இருக்கிறது. மார்ச்சில் 40,000-க்குச் சாக்கு வாங்கி அந்த வருடச் செலவில் கழித்தாயிற்று. மே மாதம் ஒரே நாளில் 40,000 ரொக்கம் கொடுத்தால், பழைய வருடத்தைத் திறக்க மாட்டார்கள்; கொடுத்த வருடத்தின் வருமானமாக அந்த 40,000-ஐச் சேர்த்துவிடுவார்கள்.

கும்பகோணம், வெற்றிலைக் கடை: நாங்க 44ஏடி-யில, விற்பனையில இத்தனை சதவீதம் லாபம்னு காட்டிக் கட்டறோம். எங்களுக்கு?

உங்களுக்கு இது வராது. 44ஏடி-யில் லாபத்தையே விற்பனையில் இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், செலவுகளைத் தனியாகக் கழிக்கும் பேச்சே இல்லை.

மன்னார்குடி, பி.காம் இரண்டாம் ஆண்டு: புதுச் சட்டம் வந்துட்டதே, பழைய பிரிவு எண் எழுதலாமா?

வருமான வரிச் சட்டம் 2025, 1 ஏப்ரல் 2026 முதல் நடைமுறை. எண்கள் மாறிவிட்டன. உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்று பாடத்திட்ட அறிவிப்பைப் பார்த்து, அந்த எண்ணை எழுதுங்கள். ஒரே விடையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி, மில் கணக்கர்: நிலத்துக்காரர் சென்னையில இருக்கார். சாகுபடி பண்றது வாரத்துக்கு எடுத்தவர். நிலத்துக்காரர் பங்கு நெல்லை எங்களுக்கு விற்று ரொக்கம் கேட்கிறார். சிட்டா அவர் பேர்லதான் இருக்கு. குடுக்கலாமா?

இந்தப் பகுதியில் எல்லோருக்கும் வருகிற சிக்கல் இது. விதி சொல்வது பயிரிடுபவர், வளர்ப்பவர், உற்பத்தி செய்பவர். நிலத்தின் சொந்தக்காரர் என்று சொல்லவில்லை. வாரத்துக்கு எடுத்தவருக்குக் கொடுத்தால் சந்தேகமே இல்லை, சிட்டா அவர் பெயரில் இல்லாவிட்டாலும் அடங்கலில் சாகுபடி செய்பவராக அவர் இருந்தால் நல்லது. நிலத்துக்காரர் விதைக்கும் உரத்துக்கும் பாதிச் செலவு போட்டிருந்தால் அவரும் உற்பத்தி செய்தவர்தான் என்று வாதிடலாம். வெறும் பங்கு மட்டும் வாங்குகிறவர் என்றால் அந்த வாதம் பலவீனம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அதிகாரிக்கு அதிகாரி மாறும். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது: வாரக்காரருக்கு ரொக்கம், சென்னைக்காரருக்கு நெஃப்ட்.