இத்தாலிய நிறுவனத்துக்கு இந்திய மருத்துவச் சான்றிதழ்

"இத்தாலியில் தொழிற்சாலையில் வேலை. விடுமுறைக்கு மதுரை வந்த இடத்தில் டைபாய்டு. டாக்டர் தந்த சான்றிதழை இத்தாலிய மொழியில் பெயர்த்து அனுப்பினால் போதுமா?"

போதாது. மொழிபெயர்ப்பு சரியானது என்ற சான்று மூலச் சான்றிதழுக்கான சட்ட அங்கீகாரம் ஆகாது என்று, நோய்க்கால உதவித்தொகை தரும் ஐ.என்.பி.எஸ். அமைப்பு தெளிவாகவே சொல்கிறது. ஆவணம் உண்மையானது என்று அரசு தரும் சான்றான அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால், மூலத்தின்மீது நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வேண்டும். அதற்கு நாளாகும். சான்றிதழோ, எழுதிய 2 நாள்களுக்குள் ஐ.என்.பி.எஸ்.ஸுக்கும் நிறுவனத்துக்கும் போயாக வேண்டும். எனவே நகலை உடனே அனுப்புங்கள். அப்போஸ்டில் பெற்ற மூலத்தைத் திரும்பிச் சென்றதும் கொடுக்கலாம்.

பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது டாக்டரின் மேசையில்தான். "10 நாள் ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நோயின் பெயர், வேலை செய்ய இயலாத நிலை, எந்தத் தேதி முதல் எதுவரை, நீங்கள் தங்கியிருக்கும் முகவரி, எழுதிய தேதி, கையொப்பம், முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் சேர்க்க முடியாது. ஆகவே மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன்பே திருத்தி வாங்குங்கள்.

இன்னொன்று: இத்தாலியில் நோயின் பெயரை அறிய முதலாளிக்கு உரிமை இல்லை. அவருக்கான நகலில் அதை மறைத்துவிட்டு, தேதிகள் தெரிந்தால் போதும்.