பஃபே தட்டின் மாவுச்சத்துக் கணக்கு

"திருநெல்வேலி ஹோட்டல் பஃபேயில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தேன். மாவுச்சத்தை எப்படிக் கூட்டுவது?"

தட்டோடு அமர்ந்தபின், இட்லியில் தொடங்கி வலமாக ஒரே சுற்றில், ஒவ்வொன்றையும் ஐந்தின் மடங்காக்கிக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். சென்ற வாரம் என் தட்டில் சின்ன இட்லி ஒன்றுக்கு 10 கிராம், இரண்டு மேசைக்கரண்டி பொங்கல் சேர்ந்து 20, ஓர் இடியாப்பத்தோடு 35, சிறிய உளுந்து வடையோடு 45, ஒரு மேசைக்கரண்டி கேசரியோடு 55 என்று வந்தது. சொதியில் தேங்காய்ப்பால் பெரும்பாலும் கொழுப்பே என்றாலும், அதில் கிடந்த உருளைக்கிழங்குத் துண்டுகளுக்காக 5 சேர்த்து 60 என முடித்தேன். சட்னியை நான் எண்ணுவதில்லை. கணக்கு பிசகுவது பெரும்பாலும் இரண்டாம் முறை எழுந்துபோய் எடுக்கும் அல்வாவில்தான். நெய் மினுங்கும் 25 கிராம் துண்டே ஏறக்குறைய 15 கிராம் கூட்டிவிடும்.